காயா பழுப்பாவது ஏன்? (4 மதிப்பெண்)

உணவு வேதியியல் தேர்வில் பிள்ளைகள் எங்கே அதிகமாக மதிப்பெண் இழக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், நான் யோசிக்காமல் குறுவிடைப் பகுதியைச் சொல்வேன். கட்டுரை விடையில் ஒரு பக்கம் எழுதும்போது நாலைந்து வரியாவது சரியாக அமைந்துவிடும். குறுவிடையில் அந்த வசதி கிடையாது. இருப்பதே நான்கைந்து வரிக்கான இடம். அதில் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு மதிப்பெண்ணுக்கு உழைத்தாக வேண்டும்.

அந்தப் பகுதியிலும் ஆண்டு தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உணவு பழுப்பு நிறமாவதை விளக்கச் சொல்லும் கேள்விதான் அது. ரொட்டி சிவப்பது, வெங்காயம் பொன்னிறமாவது, சர்க்கரை கருகுவது, நறுக்கிய ஆப்பிள் கறுப்பது எல்லாமே கண்ணுக்குப் பழுப்புதான். ஆனால் வேதியியல் கணக்கில் அவை வேறு வேறு வினைகள். நிறத்தைப் பார்த்து விடை எழுதும் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கிறது. எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்தது என்று பார்த்து எழுதும் பிள்ளைக்கு நான்கும் கிடைக்கிறது.

பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் பகுதி நேரமாக இந்தப் பாடத்தைக் கற்பிக்கிறேன். சென்ற மாதம் ஒரு மாணவி விடைத்தாளோடு வந்தார். 40க்கு 19. இரண்டே மதிப்பெண்ணில் தேர்ச்சி போயிருந்தது. மறுதேர்விலும் தவறினால் பட்டயப் படிப்பு ஒரு பருவம் தள்ளிப்போகும். வேலைப் பயிற்சிக்குக் கிடைத்திருந்த இடமும் போய்விடும். “சார், இந்தக் கேள்விக்கு நான் தெரிந்துதான் எழுதினேன். ஏன் ஒன்றுதான் போட்டிருக்கிறார்கள்?” என்று ஒரு விடையைக் காட்டினார். அந்தக் கேள்வியையே இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். தாள் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் தருகிறேன்.

“காயா இரண்டு முறையில் தயாரிக்கப்படுகிறது. முறை அ: முட்டை, தேங்காய்ப்பால், வெள்ளைச் சர்க்கரை அனைத்தையும் கலந்து, கொதிநீருக்கு மேல் வைத்த பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் கிண்டுவது. நிறம் வெளிர் பழுப்பு. முறை ஆ: சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கை வெறும் சட்டியில் தனியாகச் சூடாக்கி, அடர் பொன்னிறம் வந்ததும் அந்தக் கலவையில் சேர்ப்பது. நிறம் அடர் பழுப்பு. ஒவ்வொரு முறையிலும் நிறத்துக்கு முதன்மையான காரணமாக அமையும் வினை எது? அது நடக்க முடிவது ஏன்? (4 மதிப்பெண்)”

மாணவி எழுதியிருந்தது இது: “இரண்டிலும் சர்க்கரை சூடாவதால் கேரமலாதல் நடக்கிறது. ஆ முறையில் அதிகச் சூடு, அதனால் அதிகப் பழுப்பு. மயார் வினைக்கு 140 டிகிரி வேண்டும், ஆகவே அ முறையில் அது நடக்காது. கேரமலாதல் காயாவுக்கு நல்ல மணத்தையும் சுவையையும் தருகிறது.”

படித்துப் பார்த்தால் விவரம் தெரிந்த பிள்ளை எழுதியது போலத்தான் இருக்கிறது. மயார் வினையின் பெயர் தெரிகிறது, ஒரு வெப்பநிலையும் நினைவில் இருக்கிறது. ஆனாலும் ஆ முறைக்குக் கேரமலாதல் என்று சொன்னதற்கு மட்டுமே மதிப்பெண். மற்ற மூன்றும் எங்கே போயின என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த இரண்டு வினைகளையும் பிரித்துக்கொள்வோம். கேரமலாதல் என்பது சர்க்கரை தனியாக, சூட்டினால் உடைந்து பழுப்பாவது. அதற்குத் துணை எதுவும் வேண்டாம். சூடு போதும், ஆனால் நிறையச் சூடு வேண்டும். நாம் வீட்டில் பயன்படுத்தும் வெள்ளைச் சர்க்கரை சுக்ரோஸ். அது பழுப்பாக ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் தேவை. சர்க்கரை மூலக்கூறுகளிலிருந்து நீர் வெளியேறி, அவை உடைந்து, பின்னர் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய பழுப்பு நிற மூலக்கூறுகளாகின்றன.

மயார் வினைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒடுக்கும் சர்க்கரை, மற்றவர் புரதத்திலோ அமினோ அமிலத்திலோ உள்ள அமினோ தொகுதி. பிரெஞ்சுக்காரரான லூயி கமீல் மயார் 1912இல் இதைப் பற்றி எழுதினார். அதனால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. சர்க்கரையும் அமினோ தொகுதியும் முதலில் இணைகின்றன. அந்த இணைப்பு உருமாறுகிறது. பிறகு பல கிளைகளாகப் பிரிந்து மணப்பொருள்களும், கடைசியில் மெலனாய்டின் எனப்படும் பழுப்பு நிறப் பொருள்களும் உண்டாகின்றன. நான்கு மதிப்பெண் கேள்விக்கு இடையிலுள்ள படிகளின் பெயர்கள் தேவையில்லை. யாரும் யாரும் சேர்ந்தார்கள், என்ன உண்டானது என்ற இரண்டும் இருந்தால் போதும்.

இந்த வேறுபாட்டைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. குலாப் ஜாமூன் செய்யும் நாளில் அடுப்படியில் நின்றால் போதும். ஒரு அடுப்பில் சர்க்கரைப் பாகு கொதிக்கிறது. பக்கத்து அடுப்பில் பால்மாவு உருண்டைகள் எண்ணெயில் பொரிகின்றன. பாகில் உருண்டையைவிட அதிகச் சர்க்கரை. ஆனாலும் பாகு கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கிறது, உருண்டைதான் சிவக்கிறது. பாகில் நீர் இருக்கும்வரை அதன் சூடு நூற்றுக்குச் சற்று மேலேதான் நிற்கும். 160ஐ எட்டாது. அதில் புரதமும் இல்லை. ஆகவே இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது. உருண்டையில் பால் புரதம் இருக்கிறது, லாக்டோஸ் என்ற ஒடுக்கும் சர்க்கரையும் இருக்கிறது. எண்ணெயில் அதன் மேற்பரப்பு உலர்ந்து நூறைத் தாண்டிவிடுகிறது. அங்கே மயார் வினை வேகமாக நடக்கிறது.

இப்போது காயாவுக்கு வருவோம். அ முறையில் பாத்திரம் கொதிநீருக்கு மேல் இருக்கிறது. கீழே உள்ள நீர் எவ்வளவு கொதித்தாலும் ஆவி 100 டிகிரிதான். அதற்கு மேலே உள்ள கலவை அதைத் தாண்ட வழியில்லை. இரண்டு மணி நேரம் கிண்டினாலும், நாள் முழுவதும் கிண்டினாலும் 160 வராது. ஆகவே அ முறையில் சுக்ரோஸ் கேரமலாக முடியாது. மாணவியின் முதல் வரி இங்கேதான் விழுந்தது. சர்க்கரை இருக்கிறது, சூடு இருக்கிறது, பழுப்பும் இருக்கிறது என்ற மூன்றையும் கூட்டிக் கேரமலாதல் என்று எழுதிவிட்டார். எவ்வளவு சூடு என்ற கேள்வியைக் கேட்கவில்லை. கேள்வித்தாளில் “கொதிநீருக்கு மேல்” என்ற சொற்கள் சும்மா போடப்பட்டவை அல்ல. வெப்பநிலை நூற்றுக்குள் என்று தேர்வாளர் கொடுத்த குறிப்பு அது.

“அப்படியென்றால் மயாரும் நடக்காதே சார், அதற்கு 140 வேண்டுமே?” என்றார் மாணவி. இது பாதி உண்மை. பல புத்தகங்களில் 140 என்ற எண் இருக்கிறது. வறுக்கும்போதும் சுடும்போதும் சில நிமிடங்களில் பழுப்பு வர வேண்டுமானால் அந்தச் சூடு வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதற்குக் கீழே வினை நின்றுவிடுவதில்லை, மெதுவாகிறது. சூடு குறைந்தால் நேரம் அதிகமாகும். முட்டையை ஓட்டோடு, கொதிநிலைக்கும் கீழான சூட்டில் இரவு முழுவதும் வைத்திருந்தால் வெள்ளைக்கரு இளம்பழுப்பாகிவிடும். மத்திய கிழக்கு யூதக் குடும்பங்களில் ஹமீன் முட்டை என்று அப்படியே சமைத்து உண்கிறார்கள். அந்த முட்டையில் யாரும் சர்க்கரை போடவில்லை, சூடு நூறையும் எட்டவில்லை.

சர்க்கரையே போடாத முட்டை ஏன் பழுப்பாகிறது? வெள்ளைக்கருவில் இயற்கையாகவே சிறிதளவு குளுக்கோஸ் இருக்கிறது, நூறு கிராமில் அரைக் கிராம் அளவுக்கு. குளுக்கோஸ் ஒடுக்கும் சர்க்கரை. பக்கத்திலேயே ஏராளமான புரதம். முட்டைப் பொடி தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்கு இது பழைய தலைவலி. வெள்ளைக்கருவை அப்படியே உலர்த்தினால் சேமிப்பில் பொடி பழுப்பாகிவிடும். அதனால் உலர்த்துவதற்கு முன்பே ஈஸ்ட் கொண்டோ ஒரு நொதியைக் கொண்டோ அந்தக் குளுக்கோஸை நீக்கிவிடுகிறார்கள். இருவரில் ஒருவரை வெளியேற்றிவிட்டால் வினைக்கு வழியில்லை.

இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. நன்றாகப் படித்த பிள்ளைகளே அதில் விழுகிறார்கள். “முட்டைப் புரதமும் சேர்த்த சர்க்கரையும் மயார் வினையில் ஈடுபடுகின்றன” என்று எழுதுவார்கள். சேர்த்தது வெள்ளைச் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ். சுக்ரோஸ் ஒடுக்கும் சர்க்கரை அல்ல. குளுக்கோஸும் ஃபுருக்டோஸும் கைகோத்து உண்டானது சுக்ரோஸ். கோத்த கைகள் எவையோ அவைதான் வினைக்கு வேண்டிய கைகள். அவை கட்டுண்டு இருக்கும்வரை அமினோ தொகுதியோடு சேர முடியாது. புளிப்போ, நொதியோ, கடும் சூடோ சுக்ரோஸை இரண்டாகப் பிரித்த பிறகுதான் அது மயார் வினைக்குள் வர முடியும்.

அ முறைக் காயாவின் நிறம் ஏன் வெளிராக இருக்கிறது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கலவையில் அரைக் கிலோ சர்க்கரை இருக்கலாம். ஆனால் அதில் பெரும்பகுதி கைகட்டி நிற்கும் சுக்ரோஸ். ஒடுக்கும் சர்க்கரை சிறிதளவே இருக்கிறது. சூடும் நூற்றுக்குள். ஆகவே இரண்டு மணி நேரத்தில் வெளிர் பழுப்பு வரைக்கும்தான் போக முடியும்.

ஆ முறையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை வெறும் சட்டிக்குப் போகிறது. அங்கே நீர் இல்லை. சூட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் வெப்பநிலை 160ஐத் தாண்டுகிறது. முட்டையும் தேங்காய்ப்பாலும் இன்னும் சேரவில்லை, அதாவது புரதம் இல்லை. புரதம் இல்லாத இடத்தில் மயார் வினைக்கு வழியில்லை. ஆகவே சட்டியில் நடப்பது கேரமலாதல் மட்டுமே. அந்த அடர் நிறத்தைத்தான் பிறகு கலவையில் ஊற்றுகிறோம். நம் ஊரில் ஹைனானியக் காயா என்று விற்பதன் பழுப்பு இப்படித்தான் வருகிறது. பச்சை நிற நோன்யா காயாவில் இந்தப் படி கிடையாது, அதன் நிறம் பாண்டான் இலை தருவது.

கவனமான மாணவர் ஒருவர் கேட்கலாம்: கேரமல் பாகில் உடைந்த குளுக்கோஸும் ஃபுருக்டோஸும் இருக்குமே, அவை பிறகு முட்டையோடு சேர்ந்து மயார் வினை நடத்தாதா? கொஞ்சம் நடத்தும். அதனால்தான் கேள்வியில் “முதன்மையான காரணம்” என்று இருக்கிறது. அந்தச் சொல் இருக்கும்போது ஒரு வினையைத் தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்ல வேண்டும். இரண்டையும் எழுதிவைத்துவிட்டு, சரியானதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விடக்கூடாது. பல மதிப்பெண் திட்டங்களில் சரியான விடைக்கு அருகில் அதற்கு முரணான விடையை எழுதினால் அந்த மதிப்பெண் போய்விடும்.

ஆக, முழு மதிப்பெண் பெறும் விடை இப்படி அமையலாம்:

“அ: மயார் வினை. முட்டைப் புரதத்தின் அமினோ தொகுதிகள் வெள்ளைக்கருவிலுள்ள குளுக்கோஸ் என்னும் ஒடுக்கும் சர்க்கரையோடு வினைபுரிந்து பழுப்பு மெலனாய்டின்களை உண்டாக்குகின்றன. 100 டிகிரிக்குக் கீழ் இது மெதுவாக நடக்கும், ஆனால் சுக்ரோஸ் கேரமலாக முடியாது. ஆ: கேரமலாதல். நீரும் புரதமும் இல்லாத சட்டியில் சர்க்கரை சுமார் 160 டிகிரியைத் தாண்டுவதால் தானாகவே நீரிழந்து உடைந்து பழுப்பு நிறப் பொருள்களாகிறது.”

இதில் வினையின் பெயருக்கு ஒவ்வொன்று, காரணத்துக்கு ஒவ்வொன்று, மொத்தம் நான்கு. மாணவி எழுதியதைவிட இது அதிக நீளமில்லை. அவர் கடைசி வரியில் மணம், சுவை பற்றி எழுதியிருந்தார். அது உண்மைதான், ஆனால் கேள்வி கேட்டது நிறத்தைப் பற்றி. அந்த வரிக்குச் செலவான இடத்தில் “நீர் இல்லாததால் சூடு 160ஐத் தாண்டுகிறது” என்று எழுதியிருந்தால் இன்னொரு மதிப்பெண் வந்திருக்கும். “அதிகச் சூடு, அதனால் அதிகப் பழுப்பு” என்ற வரிக்கும் மதிப்பெண் இல்லை. ஏன் அதிகச் சூடு என்று அது சொல்லவில்லை. கேள்வியிலேயே இருக்கும் செய்தியை வேறு சொல்லில் திருப்பிச் சொல்வது விளக்கம் ஆகாது.

இவ்வளவு கறாராக ஏன் பிரிக்க வேண்டும், பழுப்பு பழுப்புதானே என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டதுண்டு. வினையைத் தவறாகச் சொன்னால் மருந்தும் தவறாகிவிடும் என்பதுதான் என் பதில். ஒரு காயா தயாரிப்பாளரை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை படிகமாகாமல் இருக்க, வெள்ளைச் சர்க்கரையில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் குளுக்கோஸ் பாகு சேர்க்கிறார். அடைத்த புட்டிகள் கடை அலமாரியில் சில மாதங்களில் கறுக்கத் தொடங்குகின்றன. இதைக் கேரமலாதல் என்று நினைத்தால், சமைக்கும் சூட்டைக் குறைக்கச் சொல்வோம். அதனால் பயனில்லை, ஏனென்றால் கறுப்பது அலமாரியில், அங்கே சூடு முப்பது டிகிரிதான். மயார் வினை என்று தெரிந்தால், ஒடுக்கும் சர்க்கரையைக் கூட்டியதுதான் காரணம் என்று புரியும். பாகின் அளவைக் குறைக்கலாம், அல்லது குளிர்ந்த இடத்தில் சேமிக்கலாம். தேர்வில் போகும் மதிப்பெண் வேலையிடத்தில் சரக்காகப் போகும்.

அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி எலுமிச்சைச் சாறு பற்றியது. “எலுமிச்சைச் சாறு பழுப்பாவதைத் தடுக்கும், விளக்குக” என்று கேட்டால் எந்தப் பழுப்பு என்பதை முதலில் பார்க்க வேண்டும். நறுக்கிய ஆப்பிளும் வாழைப்பூவும் கறுப்பது சூட்டினால் அல்ல. கத்தி பட்டுத் திசு உடைந்ததும், அதிலுள்ள நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஃபீனால் பொருள்களை மாற்றுகிறது. அவைதான் கறுக்கின்றன. புளிப்பு அந்த நொதியின் வேலையை முடக்குகிறது. எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி, மாறத் தொடங்கிய பொருளைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது. நம் பாட்டிமார் வாழைப்பூவை மோரில் போட்டதும் இதே புளிப்புக்காகத்தான். ஆகவே ஆப்பிள் கேள்வியில் “நொதி” என்ற சொல் இல்லாத விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்காது.

மயார் வினையிலும் புளிப்பு வேகத்தைக் குறைக்கும், ஆனால் காரணம் வேறு. புளிப்பில் அமினோ தொகுதி ஒரு புரோட்டானை ஏற்றுக்கொள்கிறது. அப்படி ஏற்றுக்கொண்டது சர்க்கரையோடு எளிதில் சேராது. காரத்தன்மை கூடினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். பலகாரத்தில் சமையல் சோடா கொஞ்சம் அதிகமானால் சீக்கிரமே கருஞ்சிவப்பாகிவிடுவது அதனால்தான். கேரமலாதலில் கணக்கு மறுபடியும் மாறுகிறது. புளிப்பு சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபுருக்டோஸாகவும் பிரிக்கிறது. ஃபுருக்டோஸ் சுக்ரோஸைவிடக் குறைந்த சூட்டிலேயே, சுமார் 110 டிகிரியிலேயே, பழுப்பாகத் தொடங்கும். ஆகவே சட்டியிலுள்ள சர்க்கரைக்கு எலுமிச்சை தடை அல்ல. “எலுமிச்சை பழுப்பைத் தடுக்கும்” என்று பொதுவாக மனப்பாடம் செய்தவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

மாணவியை நான் செய்யச் சொன்னது ஒன்றுதான். பழைய தாள்களில் உள்ள பழுப்புக் கேள்விகளை எடுத்து, விடை எழுதுவதற்கு முன் ஓரத்தில் மூன்று குறிப்புகளைப் பென்சிலால் எழுத வேண்டும். புரதம் இருக்கிறதா? ஒடுக்கும் சர்க்கரை இருக்கிறதா? சூடு எவ்வளவு, நீர் இருக்கிறதா? திசு நறுக்கப்பட்டு, சூடே இல்லாமல் கறுத்தால் அது நொதி. புரதமும் ஒடுக்கும் சர்க்கரையும் இருந்தால் முதலில் மயாரை நினைக்க வேண்டும். சர்க்கரை மட்டும் இருந்து, நீர் இல்லாமல், சூடு மிக அதிகமானால் கேரமலாதல். வெங்காயம் வதக்குவது போன்ற இடங்களில் இரண்டும் சேர்ந்து நடக்கும். ஹோட்டல்காரர்கள் அதைக் கேரமல் வெங்காயம் என்றாலும், வெங்காயத்தில் அமினோ அமிலங்களும் ஒடுக்கும் சர்க்கரையும் இருப்பதை விடையில் விட்டுவிடக்கூடாது.

முதல் நாள் இப்படி ஐந்து கேள்விகளுக்கு எழுதி வந்தார். நான்கு சரி. ஐந்தாவதைக் கீழே தருகிறேன், வாசகர் வீட்டில் இந்தப் பாடம் படிக்கும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள்: “திறந்த பால்மாவு டின் ஒன்று ஈரப்பதமான சமையலறையில் பல மாதம் இருந்து பழுப்பாகிவிட்டது. விளக்குக. (3 மதிப்பெண்)”

மாணவி இதற்கு, சூடு இல்லை, அதனால் நொதி என்று எழுதியிருந்தார். சூடு இல்லாதது உண்மை. ஆனால் பால்மாவு நறுக்கிய பழம் அல்ல. பாலில் ஃபீனால் பொருளைத் தேடவும் வேண்டாம். குறிப்பு எழுதிப் பார்த்தால் புரதம் இருக்கிறது, லாக்டோஸ் ஒடுக்கும் சர்க்கரை. ஆகவே மயார் வினை. பெயருக்கு ஒன்று, இருவரையும் சொன்னதற்கு ஒன்று. மூன்றாவது மதிப்பெண் “ஈரப்பதமான” என்ற சொல்லில் இருக்கிறது. நன்றாக உலர்ந்த மாவில் மூலக்கூறுகள் நகர்ந்து ஒன்றையொன்று சந்திக்க முடியாது. பாலாகக் கரைத்துவிட்டால் நீர் அதிகமாகி அவை விலகிவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில், மாவு காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிய நிலையில்தான் வினை மிக வேகமாக நடக்கிறது. மூடியைச் சரியாக மூடாத டின் அந்த நடு நிலைக்குப் போகிறது.

“மூடி திறந்திருந்தது என்பதுகூட விடையா சார்?” என்றார். ஆமாம், காரணத்தோடு எழுதினால் அதற்கு ஒரு மதிப்பெண். அந்த டின்னில் நிறம் மட்டும் மாறவில்லை. பால் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம்தான் லாக்டோஸோடு முதலில் சேர்வது. உடலால் தானாகத் தயாரிக்க முடியாத அமினோ அமிலம் அது. அப்படிச் சேர்ந்த லைசினை உடல் பயன்படுத்திக்கொள்ள முடியாது. பழுப்பான பால்மாவைக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்க வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுதேர்வு வரும் வியாழக்கிழமை. பென்சில் குறிப்போடு எழுதிய இருபத்திரண்டு விடைகளை நேற்று திருத்திக் கொடுத்தேன். இரண்டில் மட்டும் சுக்ரோஸை ஒடுக்கும் சர்க்கரை என்று எழுதியிருக்கிறார். அந்த இரண்டையும் திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறேன்.